மோட்டார் பாடியில் ஏன் வரி வரியாக ஃபின்? பட்டறைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை இருக்கிறது. மாவு மில், அரிசி ஆலை, செக்கு, கிணற்று மோட்டார் என்று எல்லாம் வரும். கோடை வந்துவிட்டால் எரிந்த காயில் வாசனை பட்டறையை விட்டுப் போகாது. எரிந்து வருகிற மோட்டார்களில் பலவற்றின் கோளாறு காயிலில் தொடங்கியதே இல்லை, வெளியே பாடியில் தொடங்கியது. அதைச் சொல்லச் சொல்ல, மில்காரர்களும் பாலிடெக்னிக் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் இவை.

மோட்டார் பாடி வழவழன்னு இல்லாம ஏன் வரி வரியா இருக்கு? பலத்துக்கா?

சூட்டை வெளியேற்றத்தான். ஒரு 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது 3.7 கிலோவாட் வேலை தருகிறது. அதற்கு அது மின்சாரத்தில் எடுத்துக்கொள்வது கிட்டத்தட்ட 4.3 கிலோவாட். நடுவில் காணாமல் போகிற 0.6 கிலோவாட், அதாவது 600 வாட், அப்படியே சூடாகிறது. ஒரு அயர்ன் பாக்ஸை மோட்டாருக்குள் வைத்து மூடி, நாள் முழுக்க ஓடவிட்டது போலத்தான். பாடி முழுக்க மூடியிருப்பதால் வெளிக்காற்று உள்ளே போய் அந்தச் சூட்டை எடுத்து வர முடியாது. காயிலில் பிறந்த சூடு, காயிலைத் தாங்கும் இரும்புத் தகட்டு அடுக்கான ஸ்டாம்பிங் வழியாகப் பாடிக்கு வந்து, பாடியின் தோலிலிருந்து காற்றுக்குப் போனால்தான் உண்டு.

இதில் எந்த இடத்தில் சூடு தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரும்பில் இல்லை. வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகக் கடத்தும். தேங்குகிற இடம் கடைசிப் படி, அதாவது பாடியிலிருந்து காற்றுக்குக் கைமாறும் இடம். காற்று சூட்டை மிகவும் தயங்கித்தான் வாங்கிக்கொள்ளும். காற்றின் குணத்தை நாம் மாற்ற முடியாது, ஆனால் அது தொடுகிற பரப்பைப் பெருக்கலாம். கொதிக்கக் கொதிக்க வடித்த சோற்றைத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடுகிறதல்லவா? சோறு அதே சோறு, பரப்புதான் கூடியது. ஃபின் செய்வதும் அதைத்தான்.

எழுத்தில் சொன்னால் இவ்வளவே:

```
Q = h × A × ΔT
```

Q என்பது வெளியேற வேண்டிய சூடு, வாட்டில். A என்பது காற்று படும் பரப்பு. ΔT என்பது பாடிக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். h என்பது காற்று எவ்வளவு விருப்பமாகச் சூட்டை வாங்குகிறது என்பதற்கான எண். அசையாத காற்றில் அது 5 முதல் 10 வரை இருக்கும். மோட்டார் ஃபேன் நன்றாக ஊதினால் 40 அளவுக்கு வரும். ஓடும் தண்ணீரில் அது பல நூறு, ஆயிரத்தைக்கூடத் தாண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மோட்டார் ஓடுகிறவரை Q வந்துகொண்டேதான் இருக்கும், அதை யாரும் நிறுத்த முடியாது. h அல்லது A குறைந்தால், அந்த 600 வாட்டையும் வெளியே தள்ளுகிறவரை ΔT தானாக ஏறும். மோட்டார் சூடாவது என்பது அந்த ஏற்றம்தான்.

ஃபின் வச்சா இரும்பு கூடுதலா இருக்கு. அந்தக் கூடுதல் இரும்பு சூட்டை வாங்கி வச்சுக்குது, அதானே?

இல்லை. கூடுதல் இரும்பு இருந்தால் சூடேற நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஏற வேண்டிய சூடு முக்கால் மணியில் ஏறலாம். இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடிவிட்டால், எத்தனை கிலோ இரும்பு இருந்தாலும் அது வாங்கிக்கொள்ள வேண்டியதை வாங்கி முடித்திருக்கும். அதற்கப்புறம் உள்ளே பிறக்கும் ஒவ்வொரு வாட்டும் தோல் வழியாக வெளியேறியாக வேண்டும். அந்த நிலையில் எடை உதவாது, பரப்புதான் உதவும்.

கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா? எங்க புத்தகத்துல டான்எச் அது இதுன்னு இருக்கு, எதுக்குன்னே புரியல.

பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது. பட்டறையில் கிடந்த ஒரு 5 எச்.பி. மோட்டாரின் பாடியை அவரையே டேப் வைத்து அளக்கச் சொன்னேன். அளவுகளைக் கணக்குக்கு வசதியாக முழு எண்ணாக்கித் தருகிறேன்.

ஃபின்னை விட்டுவிட்டுப் பார்த்தால் பாடியின் விட்டம் 180 மி.மீ., நீளம் 250 மி.மீ. அந்த உருளையின் பரப்பு 0.14 சதுர மீட்டர். அதன் மேல் 36 ஃபின். ஒவ்வொன்றும் 20 மி.மீ. உயரம், சராசரி 4 மி.மீ. தடிமன். ஒரு ஃபின்னின் இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.01 சதுர மீட்டர், 36-க்கும் 0.36. ஃபின்னின் நுனிப் பரப்பு, அது அடியில் மறைத்த பரப்புக்குச் சமம் என்பதால் அதைத் தனியாக எண்ண வேண்டாம். ஆக மொத்தம் 0.50 சதுர மீட்டர். வழவழப்பான பாடியைவிட மூன்றரை மடங்கு.

இப்போது டான்எச் எதற்கு என்று பார்ப்போம். ஃபின்னின் அடிப்பகுதி பாடியின் சூட்டிலேயே இருக்கும். நுனிக்குப் போகப் போகச் சூடு கொஞ்சம் இறங்கும், ஏனென்றால் போகிற வழியெல்லாம் காற்று அதை எடுத்துக்கொண்டே வருகிறது. சூடு குறைந்த நுனி, காற்றுக்குக் கொடுப்பதும் குறைவு. அதனால் 0.36 சதுர மீட்டரும் முழுப் பலன் தராது. எத்தனை பங்கு பலன் தரும் என்பதுதான் ஃபின் திறன். அதைச் சொல்வதற்குத்தான் அந்தச் சூத்திரம்:

```
m = √(2h / (k × t))
ஃபின் திறன் = tanh(mL) / (mL)
```

k என்பது உலோகம் சூட்டைக் கடத்தும் அளவு. வார்ப்பிரும்புக்கு 50 என்று வைப்போம். t தடிமன் 0.004 மீட்டர், L உயரம் 0.02 மீட்டர், h 40. போட்டுப் பார்த்தால் m சரியாக 20 வரும், mL 0.4. டான்எச் 0.4 என்பது 0.38. அதை 0.4-ஆல் வகுத்தால் 0.95. அதாவது இந்த ஃபின் தன் பரப்பில் 95 சதவீதம் பலன் தருகிறது. நுனியில் சூடு இறங்குவது உண்மைதான், ஆனால் இந்த உயரத்தில் அது பெரிய நஷ்டம் இல்லை.

பலன் தரும் பரப்பு: வெற்று உருளையின் 0.14, அதோடு 0.36-இல் 95 சதவீதமான 0.34, மொத்தம் 0.48. ஃபின்னோடு ΔT எவ்வளவு? 600-ஐ 40 × 0.48-ஆல் வகுத்தால் 31 டிகிரி. ஃபின் இல்லாத பாடிக்கு 600-ஐ 40 × 0.14-ஆல் வகுக்க, 106 டிகிரிக்கு மேல் வருகிறது.

மே மாத மதியம், மில்லுக்குள் 40 டிகிரி என்று வையுங்கள். ஃபின் உள்ள பாடி 71 டிகிரியில் நிற்கும். ஃபின் இல்லாத பாடி 146-க்கு மேல் போகப் பார்க்கும். காயில் எப்போதும் பாடியைவிட இருபது முப்பது டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். இன்றைய மோட்டார்களில் சாதாரணமாக வரும் எஃப் வகுப்பு இன்சுலேஷன் தாங்கும் எல்லை 155. அந்த மோட்டார் பிழைக்காது.

முன் மூடி, பின் மூடி, கால் வழியாகவும் கொஞ்சம் சூடு போகும், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் உண்மையான எண்கள் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கவே செய்யும்.

தம்பியிடம் இன்னொரு கணக்கும் போடச் சொன்னேன். பாடிச் சுவரின் தடிமன் 8 மி.மீ. அந்த 600 வாட் சுவரைக் கடந்து வர எத்தனை டிகிரி வித்தியாசம் வேண்டும்? விடை 0.7 டிகிரி. ஒரு டிகிரிகூட இல்லை! இரும்பைக் கடக்க 0.7, காற்றுக்குக் கைமாற 31. எங்கே தேங்குகிறது என்பதை இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அப்போ ஃபின்னை இன்னும் உயரமா வச்சா இன்னும் நல்லா குளிருமே?

ஓரளவுக்குத்தான். அதே இரும்பு ஃபின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ. உயரத்தில் அது வெளியேற்றும் சூட்டை 38 பங்கு என்று வைத்தால், 50 மி.மீ. உயரத்தில் 76 பங்கு. உயரம் இரண்டரை மடங்கு, பலன் இரண்டு மடங்கு. 100 மி.மீ. ஆக்கினால் 96 பங்கு. 150 ஆக்கினால் 99-ஐத் தொடும், அவ்வளவுதான். 100-க்கு மேல் வைக்கிற இரும்பு வெறும் எடை. அதன் நுனி கிட்டத்தட்டக் காற்றின் சூட்டிலேயே இருக்கும், கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது. இதில் எடை, விலை, உடைகிற பயம் எல்லாம் வேறு இருக்கிறது. அதனால்தான் மோட்டார் பாடியில் கையளவு உயர ஃபின்னை நீங்கள் பார்ப்பதில்லை.

இதோடு சேர்த்து ஒருவர், "அப்போ அலுமினிய பாடி மோட்டார் வாங்கட்டுமா அண்ணே?" என்று கேட்டார். அலுமினியம் இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும், நிஜம். ஆனால் 20 மி.மீ. ஃபின்னில் அது 95 சதவீதத்தை 98 ஆக்கும், அவ்வளவே. சின்ன ஃபின் உள்ள மோட்டாரில் குளிர்ச்சிக்காக அலுமினியம் தேட வேண்டியதில்லை. எடை குறைவாக வேண்டும் என்றால் வாங்குங்கள். எலக்ட்ரானிக் பாகங்களின் சூட்டை வெளியேற்ற மாட்டும் ஹீட் சிங்கில், உயரமான, மெல்லிய தகடுகள் வேண்டிய இடத்தில்தான் அலுமினியத்தின் அருமை தெரியும். 1 மி.மீ. தகட்டை இரும்பில் செய்தால் பாதி உயரத்திலேயே சூடு தீர்ந்துவிடும்.

ஃபின்னை நெருக்கமா வச்சா எண்ணிக்கை கூடுமே?

கூடும். ஆனால் காற்று உள்ளே நுழைய வேண்டுமே! சூடான ஒவ்வொரு சுவரையும் ஒட்டி ஒரு காற்றுப் படலம் சூடேறி நிற்கும். ஃபேன் இல்லாத இடத்தில் அந்தப் படலம் சில மி.மீ. தடிமன் இருக்கும். இரண்டு ஃபின்னுக்கு நடுவே இடைவெளி 2 மி.மீ. மட்டும் என்றால் இரண்டு பக்கப் படலமும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் புதுக்காற்று வராது. பரப்பு காகிதத்தில் இருக்கும், பலனில் இருக்காது. அதனால் ஃபேன் இல்லாத ஹீட் சிங்கில் 6 முதல் 10 மி.மீ. வரை இடைவெளி விடுவார்கள். கம்ப்யூட்டர் பிராசஸரின் மேல் தகடுகள் அத்தனை நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், தலைக்கு மேலே ஒரு ஃபேன் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான். அந்த ஃபேன் நின்றால் அதே நெருக்கம் எதிரியாகிவிடும்.

ஃபேன் இல்லாத ஹீட் சிங்கை மாட்டும்போது வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி மாட்டுங்கள். சூடான காற்று மேலே ஏறும், கீழிருந்து புதுக்காற்று அந்த இடத்துக்கு வரும். படுக்க வைத்தால் ஒவ்வொரு வரியும் சூடான காற்றை அடைத்து வைக்கும் தட்டாகிவிடும். சோலார் பம்ப் கண்ட்ரோலரைச் சுவரில் இடம் பத்தவில்லை என்று பக்கவாட்டில் திருப்பி மாட்டியிருப்பதைத் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

ஒரே வருஷத்துல ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு. கட்டினது சரியில்லையா?

இது ஒரு மாவு மில்காரர் என்னிடம் நேராகக் கேட்டது. கோபத்தில் நியாயம் இருந்தது. இரண்டு முறையும் கட்டியது நான்தான்.

மூன்றாவது முறை மோட்டாரை அவர் இறக்குவதற்கு முன், ஓடும்போதே பார்க்கிறேன் என்று மில்லுக்குப் போனேன். அரிசி, கோதுமை, மிளகாய், மல்லி எல்லாம் அரைக்கிற மில். முதலில் கிளாம்ப் மீட்டர் போட்டேன். மூன்று பேஸிலும் 7 ஆம்பியர் சுற்றி வந்தது. பெயர்த்தகட்டில் 7.5 போட்டிருந்தது. வோல்டேஜும் சரி. ஆக மோட்டாருக்குச் சுமை கூடுதல் இல்லை. அப்புறம் சூடு அளக்கும் கன்னை வைத்துப் பாடியைப் பார்த்தேன், 94 டிகிரி. மில்லுக்குள் காற்று 36.

மின்னோட்டம் சரியாக இருந்து பாடி மட்டும் இப்படிச் சூடாகிறது என்றால், உள்ளே பிறக்கிற சூடு அதிகமில்லை, வெளியே போகிற வழி அடைத்திருக்கிறது என்று பொருள். டார்ச் அடித்துப் பாடியின் பக்கத்தைப் பார்த்தேன். மேல் பக்கம் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பக்கவாட்டிலும் அடியிலும் வரிகளே தெரியவில்லை. மாவுத் தூசியும் மிளகாயின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, செங்கல் நிறத்தில் கெட்டியாக அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு வரியில் இழுத்தேன், தோசைக்கல்லில் தீய்ந்த அடை மாதிரி பட்டையாகப் பெயர்ந்து வந்தது. பின்னால் ஃபேன் கவரின் ஜாலியில் சாக்கு நூலும் தூசியும் சேர்ந்து பாதி ஓட்டைகளை மூடியிருந்தன.

அந்தத் தூசி என்ன செய்கிறது என்று கணக்கு சொல்லும். தூசியின் கடத்தும் அளவு ஏறக்குறைய 0.08. இரும்பில் அறுநூறில் ஒரு பங்கு. அதில் 2 மி.மீ. படிந்தால், சூட்டுக்கு அது தரும் தடை, காற்றே தருகிற தடைக்குச் சமமாகிவிடுகிறது. ஒரு கதவு இருந்த இடத்தில் இரண்டு கதவு. h 40 இருந்தது பலனில் 20 ஆகிறது. நம் 5 எச்.பி. மோட்டாருக்கே திரும்பப் போட்டால் ΔT 31-இலிருந்து 61 ஆகும். 36 டிகிரி காற்றில் பாடி 97. நான் அளந்தது 94.

மில்லை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மூங்கில் சீவலால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ப்ளோயரால் ஊதினோம். அரை முறம் நிறைய வந்தது. ஜாலியையும் ஃபேனையும் துடைத்தோம். மறுபடி ஓட்டி, இரண்டு மணி நேரம் கழித்து அளந்தபோது 69. காயிலில் கையே வைக்கவில்லை.

இன்சுலேஷனுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. 25 டிகிரி என்றால் ஐந்து வருடம் ஓட வேண்டிய காயில் ஒரு வருடம்கூட ஓடாது. அவர் கணக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அவர் மாதம் ஒரு ஞாயிறு பிரஷ் போடுகிறார். மூன்று கோடை தாண்டிவிட்டது. முதல் தடவை காயில் கட்டிக் கொடுத்தபோதே நான் மில்லுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது காயில் செலவு அவருக்கு வந்திருக்கவே கூடாது.

ஓவர்லோடு ரிலே போட்டிருந்தேன். அது ஏன் ட்ரிப் ஆகல?

அதற்குத் தெரியாது. ஸ்டார்ட்டரில் இருக்கிற ரிலே பார்ப்பது மின்னோட்டத்தை மட்டும். 7 ஆம்பியர் போகும்வரை அதற்கு எல்லாம் நலம். பாடியில் தூசி படிந்ததோ, ஃபேன் இறக்கை உடைந்ததோ அதன் கண்ணில் படாது. காயிலுக்குள்ளேயே தெர்மிஸ்டர் வைத்துக் கட்டினால் அது நேரடியாகச் சூட்டைப் பார்த்து நிறுத்தும். அடுத்த முறை காயில் கட்டும்போது கேட்டு வையுங்கள், கூடுதல் செலவு கொஞ்சம்தான்.

ஃபேன் கவர் நசுங்கிப் போச்சு, கழட்டிப் போட்டுட்டேன். ஃபேன்தான் சுத்துதே, காற்று வருதே?

வருகிறது, ஆனால் ஃபின்னுக்கு வரவில்லை. பின்பக்கம் இருக்கிற அந்த ஃபேன் காற்றைச் சுற்றிலும் வெளிப்பக்கமாக வீசியடிக்கும் வகை. கவர்தான் அந்தக் காற்றைத் திருப்பி, பாடியை ஒட்டி, வரிகளுக்குள் முன்பக்கம் நோக்கி அனுப்புகிறது. வரிகள் நீளவாக்கில் ஓடுவதும் அந்தக் காற்றுக்காகத்தான், ஒவ்வொரு இடைவெளியும் ஒரு வாய்க்கால் மாதிரி. கவரைக் கழற்றிவிட்டால் ஃபேனின் காற்று நாலா பக்கமும் சிதறிப் போகும். பக்கத்தில் நின்றால் உங்கள் காலில் நன்றாகப் படும், மோட்டாருக்குப் படாது. விரல் போகிற ஆபத்து வேறு. நசுங்கினால் தட்டி நிமிர்த்தி மாட்டுங்கள், இல்லையென்றால் புதுசு வாங்குங்கள்.

கவருக்குப் பின்னால் ஒரு சாண் இடமாவது காலியாக விடுங்கள். சுவரை ஒட்டி மோட்டாரை வைத்து, மீதி இடைவெளியில் காலிச் சாக்கைச் செருகி வைத்திருப்பார்கள். மூக்கைப் பொத்திவிட்டு மூச்சு விடச் சொல்வது போல அது. வி.எஃப்.டி. போட்டு மோட்டாரை மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். பாதி வேகத்தில் ஃபேனும் பாதி வேகம், h 40-இலிருந்து 23 அளவுக்கு இறங்கிவிடும். சுமை குறையாமல் வேகம் மட்டும் குறைகிற இடத்தில் தனி மின்சாரத்தில் ஓடும் ஃபேன் ஒன்றைப் பின்னால் வைக்க வேண்டும்.

போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார்ல ஒரு ஃபின்கூட இல்லையே, அது மட்டும் எப்படித் தாங்குது?

நல்ல கேள்வி. அதைச் சுற்றி இருப்பது தண்ணீர். தண்ணீர் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு ஆசையாக வாங்கிக்கொள்ளும். கைமாறும் இடத்தில் தேக்கமே இல்லாதபோது பரப்பைப் பெருக்கி என்ன ஆகப்போகிறது? அதனால் வழவழ பாடியே போதும்.

ஆனால் அந்தத் தண்ணீர் மோட்டாரை ஒட்டி ஓட வேண்டும். பம்ப் மேலே, மோட்டார் கீழே இருக்கும். ஊற்று மோட்டாருக்குக் கீழிருந்து வந்தால், பம்புக்குப் போகிற தண்ணீர் மோட்டாரைத் தடவிக்கொண்டே மேலே ஏறும். ஊற்று மேலே இருந்தால் தண்ணீர் நேராகப் பம்புக்குள் போய்விடும், மோட்டாரைச் சுற்றி நிற்பது தேங்கிய வெந்நீர்தான். அப்படிப்பட்ட போரில் மோட்டாருக்கு வெளியே ஒரு குழாய்ச் சட்டை மாட்டி, தண்ணீரைக் கீழே இறங்கி மோட்டாரைத் தடவிக்கொண்டு வரும்படி செய்வார்கள். அடியில் சேறு ஏறி மோட்டார் அதில் புதைந்தாலும் கதை மாவு மில் கதைதான். சேறு, தூசி செய்த வேலையைச் செய்கிறது.

கருப்பு பெயிண்ட் அடிச்சா சூடு நல்லா வெளியேறுமாமே?

ஃபேன் உள்ள மோட்டாருக்கு வித்தியாசம் தெரியாது. ஃபேன் இல்லாத அலுமினிய ஹீட் சிங்குக்கு உதவும். பளபளக்கும் வெறும் அலுமினியம் கதிர்வீச்சாக மிகக் கொஞ்சம்தான் வெளியிடும், பெயிண்ட் அடித்த பரப்பு அதைப் போலப் பத்து மடங்கு வெளியிடும். கருப்புதான் வேண்டும் என்பதில்லை. இந்தச் சூட்டில் வெளிவரும் கதிருக்கு வெள்ளை பெயிண்டும் கிட்டத்தட்டக் கருப்பு போலத்தான். வெயிலில் நிற்கிற பொருள் என்றால் வெள்ளையே நல்லது, வெயிலை வாங்காது.

மெல்லிய ஒரு கோட் பெயிண்ட் சூட்டைத் தடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம், அதன் தடை காற்றின் தடையில் இரண்டு சதவீதம்தான் வரும். ஆனால் தூசியைச் சுரண்டாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடிக்காதீர்கள். தூசியை நிரந்தரமாக ஒட்டி வைத்ததாகிவிடும்.

ஸ்டெபிலைசர்ல ட்ரான்சிஸ்டர் மாத்தினேன், ஹீட் சிங்க் பெருசுதான். ஆனாலும் ட்ரான்சிஸ்டர் மட்டும் போயிடுது, ஹீட் சிங்க் தொட்டா குளுந்தே இருக்கு.

ஹீட் சிங்க் குளுந்து இருப்பதே உங்களுக்கான பதில். சூடு அங்கே வந்து சேரவே இல்லை. ட்ரான்சிஸ்டரின் அடிப்பாகமும் ஹீட் சிங்கும் பார்வைக்கு மட்டம், ஆனால் நடுவில் மயிரிழை மேடு பள்ளங்களில் காற்று அடைந்திருக்கும். 4 சதுர சென்டிமீட்டர் அடிப்பாகத்தில் 0.1 மி.மீ. காற்று இடைவெளி முழுக்க இருந்தால் ஒவ்வொரு வாட்டுக்கும் 9 டிகிரிக்கு மேல் ஏறும். 10 வாட் என்றால் 90 டிகிரி, அதுவும் அந்தக் காற்று இடைவெளியிலேயே. அதே இடத்தில் மெல்லியதாகப் பேஸ்ட் பூசினால் மொத்தமே ஒன்றிரண்டு டிகிரி.

பழைய, காய்ந்த பேஸ்டைச் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்து, புதுப் பேஸ்டைக் கடுகளவு வைத்து ஸ்க்ரூவை அழுத்தமாக முறுக்குங்கள். தடிமனாக அப்ப வேண்டாம். பேஸ்ட் காற்றைவிட நல்லது, உலோகத்தைவிட மோசம். மைக்கா தகடு இருந்தால் அதன் இரண்டு பக்கமும் பூச வேண்டும். மைக்காவை விட்டுவிட்டு மாட்டினால் பாடி ஷார்ட் ஆகும்.

மீட்டரெல்லாம் இல்லாம கையால தொட்டே மோட்டார் சரியா இருக்கான்னு பார்க்க முடியுமா?

பாதிதான் முடியும். 70 டிகிரி பாடி ஒரு நல்ல மோட்டாருக்குச் சகஜம், ஆனால் அதில் கையை ஒரு நொடி, இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாது. 90 டிகிரியிலும் வைக்க முடியாது. கைக்கு இரண்டும் ஒன்றுதான். "கை வைக்க முடியல, மோட்டார் போச்சு" என்று நல்ல மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

நான் சொல்வது இது. சூடு அளக்கும் கன் ஒன்று வாங்கி வையுங்கள். பாடியைச் சுத்தம் செய்த அன்று, இரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடிய பிறகு, பெயிண்ட் உள்ள ஓர் இடத்தில் அளந்து, மில் காற்றின் சூட்டையும் அளந்து, வித்தியாசத்தை மட்டும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். பெயிண்ட் இல்லாத பளபளப்பான அலுமினியத்தில் கன் குறைத்துக் காட்டும், அங்கே அளக்காதீர்கள். மார்கழியில் அளந்தாலும் சித்திரையில் அளந்தாலும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். அது 10 டிகிரி கூடினால் ஆம்பியரைப் பாருங்கள். ஆம்பியரும் கூடியிருந்தால் சுமை, பெல்ட், பேரிங், வோல்டேஜ் பக்கம் தேடுங்கள். ஆம்பியர் பழையபடியே இருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டாரின் அடிப்பக்கம் குனிந்து வரிகளைப் பாருங்கள்.